மாதங்கள் கழித்து இரங்கல் மடல் எழுதுவது: மன்னிப்பில் மூழ்காமல் தொடங்கும் முறை

சாவுக்கும் போகவில்லை, பதினாறாம் நாள் காரியத்துக்கும் போகவில்லை, இடையில் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. இனி எந்த முகத்தோடு எழுதுவது என்று தயங்கித் தயங்கியே மாதங்களைக் கடத்திவிட்டவர்களுக்கான வழிகாட்டி இது. முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் மடல் எழுதிக்கொடுப்பவன் என்ற பெயர் எனக்கு இருந்ததால், இத்தகைய பல வரைவுகளைத் திருத்தியிருக்கிறேன். பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தன: முதல் மூன்று வரிகளில்.

நானும் அங்கே விழுந்தவன்தான். எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவர் காலமாகிப் பதினொரு மாதம் கழித்து அவருடைய மனைவிக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அதில் ஒரு பக்கம் ஏன் எழுதவில்லை என்பதற்கான விளக்கமாகவே இருந்தது. அவர்களுடைய மகனிடமிருந்து பதில் வந்தது: “அம்மா உங்களை நினைத்துத்தான் வருத்தப்படுகிறார். அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லச் சொன்னார்.” கணவரை இழந்தவர் எனக்கு ஆறுதல் சொல்லும்படி நான் எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

கீழே வரும் படிகளை ஒரு நிகழ்வைக் கொண்டே விளக்குகிறேன். என் சித்தி மகன் கோவையில் ஒரு லேத் பட்டறையில் தொழில் பழகியவன். இப்போது ஓசூரில் வேலை. தொழில் கற்றுக்கொடுத்த பட்டறைக்காரர் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு தவறிவிட்டார். செய்தி மறுநாளே இவனுக்குத் தெரியும். சித்திரை பிறந்த பிறகுதான் அவருடைய மனைவிக்கு எழுதத் துணிந்தான். அவரை அக்கா என்றும், இறந்தவரை அண்ணன் என்றும் அழைத்துப் பழகியவன்.

1. எழுதும் முன் நான்கு விவரங்களை உறுதிசெய்துகொள்ளுங்கள்

முதலாவது, இறந்தவர் யார் என்பது. இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் “அவங்க வீட்டுல அம்மா தவறிட்டாங்களாம்” என்று செவிவழியாக வந்த செய்தியில் அம்மா என்பது தாயா மாமியாரா என்று தெரியாமல் எழுதி அனுப்பியவரை எனக்குத் தெரியும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் படம் ஏதாவது ஒரு குழுவில் கிடக்கும். அதில் பெயர், தேதி, உறவினர் வரிசை எல்லாம் இருக்கும். அது கிடைக்காவிட்டால் பொதுவான நண்பர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். துக்கத்தில் இருப்பவரிடமே கேட்க வேண்டாம்.

இரண்டாவது, அதன்பிறகு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்பது. ஆறு மாதம் நீண்ட காலம். வீடு மாறியிருக்கலாம், மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கலாம், இன்னொரு மரணமே நிகழ்ந்திருக்கலாம். நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள் உங்கள் மடல் போய்ச் சேர்ந்தால், எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் அது வேளை கெட்ட மடல்தான்.

மூன்றாவது, உங்களிடம் இருப்பது யாருடைய எண் என்பது. பல குடும்பங்களில் நமக்குத் தெரிந்த ஒரே எண் இறந்தவருடையதாகவே இருக்கும். இப்போது அதை மனைவியோ மகனோ வைத்திருப்பார். அந்த எண்ணுக்கு அனுப்பினால், அவர் பெயரும் படமும் தாங்கிய பழைய உரையாடலின் அடியில் உங்கள் மடல் போய் நிற்கும். வேறு எண் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் முதல் சொல்லிலேயே யாருக்கு எழுதுகிறீர்கள் என்பது தெரியும்படி விளியுங்கள். இல்லாவிட்டால் இறந்தவருக்கே ஏதோ செய்தி வந்திருக்கிறது என்று நினைத்து அதைத் திறப்பார்கள்.

நான்காவது, அந்த உரையாடலில் நீங்கள் கடைசியாக அனுப்பியது எது என்பது. இதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. சித்தி மகனின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தபோது, அண்ணன் இறந்து மூன்று மாதத்தில் அக்காவுக்கு ஒரு பொங்கல் வாழ்த்து போயிருந்தது. இருநூறு பேருக்குச் சேர்த்து அனுப்பியபோது அதுவும் சேர்ந்து போயிருக்கிறது. அந்த வருடம் பண்டிகை கொண்டாடாத வீடு அது. இத்தனை காலம் கழித்து அதை இருபக்கமும் அழிக்க முடியாது. என் கருத்து இதுதான்: பலருக்கும் போன வாழ்த்தானால் அதைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள், அவரும் அதைக் கூட்டத்தில் ஒன்றாகவே கருதியிருப்பார். பெயர் சொல்லித் தனியாக வாழ்த்தியிருந்தால் மட்டும், “பொங்கலன்று யோசிக்காமல் வாழ்த்து அனுப்பிவிட்டேன்” என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

2. உங்கள் தாமதம் எந்த வகை என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

தொடக்க வரி இதைப் பொறுத்தே அமைவதால், எழுத உட்காரும் முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும். வகை மூன்றுதான்.

செய்தியே உங்களுக்குத் தாமதமாகத் தெரிந்தது என்பது முதல் வகை. இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. ஆகவே மன்னிப்பும் தேவையில்லை. எப்போது தெரிந்தது என்று மட்டும் சொன்னால் போதும். ஆனால் இந்த வகையினரும், “இத்தனை நாள் தெரியாமல் இருந்ததற்கு மன்னிக்கவும்” என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு, நாம் இவருக்குச் சொல்லாமல் விட்டுவிட்டோமோ என்ற குற்ற உணர்வையே அது உண்டாக்கும்.

அன்றைக்குக் குழுவில் எல்லோரோடும் சேர்ந்து “ஆழ்ந்த இரங்கல்” என்று போட்டுவிட்டு, தனியாக எதுவும் சொல்லாமல் விட்டது இரண்டாவது வகை. தெரிந்தும் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டது மூன்றாவது. சித்தி மகன் மூன்றாவது வகை. கடினமானதும் அதுதான் என்பதால் அதையே விரிவாகப் பார்ப்போம்.

இங்கே ஓர் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். பங்காளி, சம்பந்தி, தாய்மாமன் என்று கட்டாயம் போய் நிற்க வேண்டிய உறவாக இருந்தால், எழுத்து அதற்கு ஈடாகாது. அங்கே நேரில் போவதுதான் முறை. மடல், வருகிறேன் என்று சொல்லும் அளவுக்கு மட்டும் பயன்படும். நண்பர், உடன் பணிபுரிந்தவர், ஆசிரியர், பழைய அண்டைவீட்டார், தொழில் கற்றுக்கொடுத்தவர் ஆகியோரின் குடும்பங்களுக்கே இந்த வழிகாட்டி முழுமையாகப் பொருந்தும்.

3. தொடக்கத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியை முதலில் எழுதுங்கள்

இந்த வரிசை முக்கியமானது. வெற்றுத்தாளின் முன் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து தொடங்கினால், மனதில் முதலில் நிற்பது குற்ற உணர்வுதான். கையும் அதையே எழுதும். இறந்தவரைப் பற்றிய நினைவை முதலில் எழுதிவிட்டால், அந்த மடலில் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்ற தைரியம் வரும். அதன்பின் தாமதத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பது தானாகத் தெரியும்.

சித்தி மகன் அந்த வரிசையைப் பின்பற்றாமல் எழுதிய முதல் வரைவு இது:

“அக்கா, முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். உங்களுக்கு எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அண்ணன் தவறியது மறுநாளே தெரிந்தும் வரமுடியவில்லை. ஓசூரில் ஷிப்ட் மாறி மாறி வந்தது, லீவு கிடைக்கவில்லை, பிறகு குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. இவ்வளவு நாள் கேட்காமல் இருந்தது பெரிய தப்பு. என்னை நன்றி கெட்டவன் என்று நீங்கள் நினைத்தாலும் சரிதான். அண்ணன் ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறேன். மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.”

எட்டு வாக்கியங்களில் அண்ணன் இரண்டில் தலைகாட்டுகிறார். அந்த இரண்டிலும் அவர் யார், எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. வேறு எந்த மனிதர் இறந்திருந்தாலும் இதே மடலை அனுப்பலாம். “நன்றி கெட்டவன் என்று நினைத்தாலும் சரிதான்” என்ற வரியைப் படிப்பவர் “அப்படியெல்லாம் நினைக்கவில்லை தம்பி” என்று சொல்லியே ஆக வேண்டும். மடலை எடைபோட நான் கையாளும் சோதனை இதுதான்: படித்து முடித்ததும் அவர் முதலில் எழுதக்கூடிய சொல் “பரவாயில்லை” என்றால், நீங்கள் எழுதியது மன்னிப்பு மனு, இரங்கல் மடல் அன்று.

வரைவை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, அண்ணன் என்றதும் நினைவுக்கு வருவது எது என்று கேட்டேன். “நல்ல மனுஷன்” என்றான். நல்ல மனிதர் என்பதை அந்த அம்மாளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் செய்த ஏதாவது ஒரு காரியத்தைச் சொல் என்றேன். சற்றுநேரம் யோசித்துவிட்டு லேத்தில் கடையும் இரும்புத் தண்டான ஒரு ஷாஃப்டைப் பற்றிச் சொன்னான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு ஷாஃப்டை அரை மில்லி கூடுதலாகக் கடைந்துவிட்டான். தடிமன் கூட இருந்தால் மறுபடி கடைந்து குறைத்துக்கொள்ளலாம். குறைந்துபோன ஷாஃப்ட் பழைய இரும்புக்குத்தான் போகும். திட்டு விழும் என்று காத்திருந்தவனிடம் அண்ணன் ஒன்றும் சொல்லாமல், அதைத் துணியால் துடைத்து ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறார்.

இதைத்தான் எழுத வேண்டும். நினைவைத் தேர்ந்தெடுக்க மூன்று அடையாளங்கள் உண்டு. அது நீங்கள் கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும். குடும்பத்தாருக்குத் தெரியாததாக இருக்க வாய்ப்பிருக்க வேண்டும். அதில் இறந்தவர் பேசவோ எதையாவது செய்யவோ வேண்டும். பட்டறைக்குள் அவர் எப்படி இருந்தார் என்பதை வீட்டில் இருந்தவர் பார்த்திருக்க மாட்டார். முதல் வாரத்தில் வந்த மடல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்திருக்கும். ஆறு மாதம் கழித்து வருவது அவர் அறியாத ஒரு காட்சியைக் கொண்டுவந்தால் தாமதம் பின்னுக்குப் போய்விடும்.

நினைவில் வரும் இறந்தவரை, நீங்கள் அழைத்த முறையிலேயே குறிப்பிடுங்கள். நேரில் சார் என்று கூப்பிட்டவரை மடலில் “தங்கள் கணவர்” என்று எழுதினால் அந்நியர் எழுதியதுபோல் ஆகிவிடும்.

4. இப்போது தொடக்க வரியை எழுதுங்கள்

நலம், நலமறிய ஆவல் என்ற வழக்கமான தொடக்கம் இங்கே பொருந்தாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இடம் காலியாகிவிடுவதால்தான் மன்னிப்பு அங்கே புகுந்துகொள்கிறது என்று நினைக்கிறேன். அங்கே வர வேண்டியவை விளி, நீங்கள் யார் என்பது, தாமதத்தை ஏற்கும் அரை வாக்கியம் ஆகிய மூன்று மட்டுமே. நீங்கள் யார் என்பதை விட்டுவிடாதீர்கள். பழைய எண்கள் அவரிடம் பதிவாகி இருக்காது. யார் என்றே தெரியாமல் ஒரு துக்க மடலைப் படிப்பது சங்கடம்.

தமிழில் வாக்கியத்தின் பாரம் அதன் முடிவில் விழுகிறது. ஆகவே தாமதத்தைச் சொல்லும் வாக்கியம் தாமதத்திலேயே முடியக்கூடாது. அதை முன்பகுதியில் வைத்துவிட்டு, வாக்கியத்தை இறந்தவரிடம் கொண்டுபோய் முடியுங்கள். “ஆறு மாதமாக எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னியுங்கள்” என்று முற்றுப்புள்ளி வைத்தால், படிப்பவர் மனதில் நிற்பது நீங்கள். அதே செய்தியை இப்படியும் எழுதலாம்:

“அண்ணன் தவறியதை மறுநாளே கேட்டும் வராமலும் எழுதாமலும் இருந்துவிட்டேன் அக்கா; ஆனால் லேத்தில் நிற்கும்போதெல்லாம் அவர் நினைவுதான் வருகிறது.”

இதில் மன்னிப்பு என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது தேவைப்படாததற்குக் காரணம் “இருந்துவிட்டேன்” என்பதில் உள்ள “விட்டேன்”. “எழுதவில்லை” என்பது வெறும் தகவல். “எழுதாமல் இருந்துவிட்டேன்” என்பதில் செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை என்ற வருத்தமும் சேர்ந்தே ஒலிக்கிறது. நம் மொழியே அந்தச் சுமையை ஒரு துணைவினையில் ஏற்றிக்கொள்ளும்போது, அதற்கென மூன்று வாக்கியம் செலவழிப்பானேன்?

“எழுத முடியவில்லை” என்று எழுதுவதைத் தவிருங்கள். ஆறு மாதத்தில் ஐந்து நிமிடம் முடியவில்லை என்பதை யாரும் நம்புவதில்லை. நம்ப வேண்டும் என்று அவரை நிர்ப்பந்திப்பதும் நியாயமில்லை. ஷிப்ட், லீவு, குழந்தையின் காய்ச்சல் போன்ற காரணங்கள் உண்மையாகவே இருந்தாலும் எழுத்தில் சாக்காகவே படிக்கப்படும். பின்னால் நேரில் பேசும்போது அவரே கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

மற்ற இரண்டு வகைகளுக்கும் அமைப்பு இதுவே. செய்தி தாமதமாகத் தெரிந்திருந்தால், “அம்மா காலமானது எனக்கு நேற்றுதான் தெரியவந்தது, தெரிந்ததிலிருந்து, பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் நமக்கு அவர்கள் தயிர்ச்சோறு கட்டித்தந்ததுதான் நினைவில் ஓடுகிறது” என்று எழுதலாம். குழுவில் மட்டும் இரண்டு சொல் போட்டிருந்தால், “அன்று குழுவில் இரண்டு சொல் எழுதியதோடு நின்றுவிட்டேன், சாரைப் பற்றி உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது” என்று தொடங்கி நேரே நினைவுக்குப் போய்விடலாம்.

ஒரே ஒரு சூழலில் மன்னிப்பை வெளிப்படையாகக் கேட்கத்தான் வேண்டும்: இறந்தவர் கடைசி நாட்களில் உங்களைப் பார்க்க விரும்பிச் சொல்லியனுப்பியும், அல்லது வருகிறேன் என்று நீங்களே வாக்குக் கொடுத்தும் போகாமல் இருந்திருந்தால். அப்போது அது தாமதம் மட்டுமல்ல. “வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அதற்கு மன்னியுங்கள்” என்று காரணம் சேர்க்காமல் ஒருமுறை எழுதுங்கள். மடலின் முடிவில் அதை மறுபடி கொண்டுவராதீர்கள். இரண்டாம் முறை கேட்கும் மன்னிப்பு, முதலில் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லையே என்று நினைவூட்டுவதாகிவிடும்.

5. காலம் கடந்ததால் பொருந்தாமல் போகும் வரிகளை நீக்குங்கள்

மரணம் நிகழ்ந்த வாரத்தில் சொன்னால் சரியாக இருக்கும் சில வரிகள், மாதங்கள் கழித்துச் சொன்னால் உறுத்தும். எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது இவற்றைத் தேடி எடுங்கள்.

“என்ன ஆயிற்று, எப்படி நடந்தது?” துக்க வீட்டில் நேரில் போய்க் கேட்பது நம் வழக்கம், வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே அந்த முதல் நாட்களில் மனம் கொஞ்சம் இறங்கும். ஆறு மாதம் கழித்து எழுத்தில் கேட்டால், தனியாக உட்கார்ந்து அந்த இரவை முதலிலிருந்து தட்டச்சு செய்யச் சொல்கிறீர்கள். கேட்காதீர்கள். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்.

“இந்நேரம் கொஞ்சம் தேறியிருப்பீர்கள்.” தாமதமாக எழுதுவோர் மட்டுமே செய்யும் பிழை இது. அன்பாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் தேறாதவருக்கு அது கண்டிப்பாகவும், தேறியவருக்கு அது குற்றச்சாட்டாகவும் கேட்கும். சில வீடுகளில் ஆறாவது மாதம் முதல் மாதத்தைவிடக் கடினமாக இருக்கும். வந்து போன கூட்டம் நின்றுபோய், வீடு நிசப்தமாகும் காலம் அது.

“ஆழ்ந்த இரங்கல்”, “ஆன்மா சாந்தியடையட்டும்” போன்ற தொடர்களை அவர்கள் முதல் வாரத்திலேயே நூற்றுக்கணக்கில் படித்து முடித்திருப்பார்கள். உங்களுடையது அவற்றோடு சேர்ந்து வர மறந்து பின்தங்கிய ஒன்றாகவே தெரியும். அவர்கள் வேற்று மதத்தினராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. இஸ்லாமியக் குடும்பத்துக்கு ஆன்மா சாந்தி என்று எழுதுவதும், சரியாகத் தெரியாத அரபுத் தொடரைப் பார்த்து எழுதுவதும் இரண்டுமே வேண்டாம். நினைவைச் சொல்லும் உங்கள் சொந்தத் தமிழ் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

“எந்த உதவி வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள்.” ஆறு மாதம் காணாமல் போயிருந்தவர் சொல்லும்போது இந்த வரிக்கு மதிப்பில்லை. சித்தி மகன் இன்னொன்றையும் சேர்க்க விரும்பினான்: லேத்தை விற்பதானால் விலை பேசும் முன் தன்னைக் கேட்கும்படி. தனியாக இருக்கும் பெண்ணிடம் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள் என்பது அவன் கவலை, நியாயமான கவலைதான். ஆனாலும் அதை எடுக்கச் சொன்னேன். ஆறு மாதம் எழுதாதவன் எழுதும் முதல் மடலில் இயந்திரத்தின் பேச்சு வந்தால், அதற்காகத்தான் எழுதினான் என்று வீட்டில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். நேரில் போகும்போது சொல்லிக்கொள்ளட்டும்.

6. முடிவு வரி

நினைவைச் சொல்லி முடித்ததும் நீட்டாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். பதில் எழுதும் பாரத்தை இறக்கிவைக்க ஒரு வரி போதும். ஆனால் “பதில் எழுத வேண்டாம்” என்று வெட்டி எழுதினால் தொடர்பை முறிப்பதுபோல் ஒலிக்கும்; “உடனே பதில் எழுத வேண்டும் என்றில்லை” என்பது மென்மையானது. நேரில் போக எண்ணமிருந்தால், எப்போது என்று சொல்லுங்கள். “ஒருநாள் வருகிறேன்” என்பது யாருக்கும் பயன்படாது. போக எண்ணமில்லாவிட்டால் வருவதாக எழுதவே வேண்டாம். இன்னொரு வாக்குறுதி தவறினால், அடுத்த மடலுக்கு உண்மையாகவே முகம் இருக்காது.

சித்தி மகன் கடைசியில் அனுப்பியது இது:

“அக்கா, உங்கள் பட்டறையில் தொழில் பழகிய ஓசூர்த் தம்பி எழுதுகிறேன். அண்ணன் தவறியதை மறுநாளே கேட்டும் வராமலும் எழுதாமலும் இருந்துவிட்டேன் அக்கா; ஆனால் லேத்தில் நிற்கும்போதெல்லாம் அவர் நினைவுதான் வருகிறது.

நான் சேர்ந்த முதல் மாதம் ஒரு ஷாஃப்டை அரை மில்லி கூடுதலாகக் கடைந்து கெடுத்துவிட்டேன். திட்டப்போகிறார் என்று பயந்து நின்றேன். அண்ணன் அதைத் துணியால் துடைத்து ஜன்னல் திட்டில் வைத்து, ‘இது இங்கயே கிடக்கட்டும். அளக்கறப்ப ஒருக்கா பாத்துக்க’ என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் வெர்னியரைக் கையில் எடுத்தால் கண் ஜன்னல் பக்கம்தான் போகிறது.

இந்த மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறேன். உங்களுக்குச் சரிப்பட்டால் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன். இதற்கு உடனே பதில் எழுத வேண்டும் என்றில்லை அக்கா.”

முதல் வரைவைவிட இது நீளமானதுதான். தாமதத்துக்குக் கிடைத்திருப்பது அரை வாக்கியம். ஷாஃப்டுக்குக் கிடைத்திருப்பது ஒரு பத்தி முழுவதும்.

7. எதில் அனுப்புவது, எப்போது அனுப்புவது

அவரோடு வழக்கமாக எதில் பேசுவீர்களோ அதிலேயே அனுப்பலாம். வாட்ஸ்அப்பாக இருந்தால் வேறு இடத்தில் எழுதி முடித்து, ஒரே செய்தியாக ஒட்டி அனுப்புங்கள். நான்கு துண்டாக அனுப்பினால், முதல் துண்டை மட்டும் திரையில் பார்த்துவிட்டு, அடுத்தது வரும்வரை அவர் காத்திருக்க வேண்டிவரும். கூப்பிய கைகளும் அழும் முகங்களும் வேண்டாம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் காகிதத்தில் எழுதி அஞ்சலில் அனுப்புவதையே நான் பரிந்துரைப்பேன். எடுத்து வைத்துத் திரும்பப் படிப்பார்கள். முன்னறிவிப்பின்றித் தொலைபேசியில் அழைப்பது நல்லதில்லை. அவர் எங்கே, யாரோடு, எந்த மனநிலையில் இருக்கிறார் என்று தெரியாமல் துக்கத்தை எடுத்து முன்னால் வைக்கிறீர்கள்.

சில வீடுகளில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் துக்கம் கேட்பதை விரும்ப மாட்டார்கள். தெரியாத வீடாக இருந்தால் அந்த நாட்களைத் தவிர்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. பண்டிகை நாள், பிறந்தநாள், வீட்டு விசேஷ நாள் ஆகியவையும் வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு எழுதி முடித்தாலும் காலை பத்து மணிக்கு அனுப்புங்கள்.

தலைத்திவசம் நெருங்குகிறது, அன்றைக்கே அனுப்பிவிடலாம் என்று சிலர் தள்ளிப்போடுகிறார்கள். இது தவறான கணக்கு. திவசம் திதிப்படி வருவதால் உங்களிடம் உள்ள ஆங்கிலத் தேதியோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது. மேலும் அன்று வீட்டில் சமையலும் சடங்கும் உறவினரும் நிறைந்திருப்பார்கள். எழுதி முடித்துவிட்டால் அந்த வாரத்திலேயே அனுப்புங்கள்.

8. அனுப்பிய பிறகு

நீலக் குறி விழுந்தும் பதில் வராவிட்டால், “பார்த்தீர்களா?” என்று கேட்காதீர்கள். கோபமாக இருக்கிறாரோ என்று ஊகித்து விளக்கம் அனுப்பவும் வேண்டாம். சிலர் படித்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் பதில் எழுதுவார்கள். சிலர் எழுதவே மாட்டார்கள், அடுத்த முறை பார்க்கும்போது ஒரு வார்த்தை சொல்வார்கள். கோபமாகவே பதில் வந்தாலும், “இப்பதான் ஞாபகம் வந்துச்சா?” என்று கேட்டாலும், வாதாட வேண்டாம். “ஆமாம், முன்பே வந்திருக்க வேண்டும்” என்ற ஒரு வரியோடு நிறுத்துங்கள். அந்தக் கோபம் உங்கள் ஒருவர் மேல் மட்டும் இருக்காது. வராமல் இருந்த எல்லோருக்கும் சேர்த்து, கைக்குக் கிடைத்த உங்களிடம் வந்திருக்கும்.

சித்தி மகனுக்கு ஒன்பதாம் நாள் பதில் வந்தது. “அது இன்னும் அந்த ஜன்னல்லயேதான் கிடக்குது தம்பி. எதுக்கு வெச்சிருக்காருன்னு எனக்குத் தெரியாது. ஊருக்கு வந்தா வாங்க.” படித்ததும் அவன் கை உடனே “அக்கா, என்னை மன்னித்து” என்று அடிக்கத் தொடங்கிவிட்டது. அந்த வரியை அழித்துவிட்டு, வரும் நாளையும் நேரத்தையும் மட்டும் எழுதச் சொன்னேன். “ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வர்றேனுங்க அக்கா” என்று அனுப்பினான்.